ஜன்னலும் மேசை விளக்கும் மட்டும் கொண்டு ஓர் உரையாடல் காட்சி

“சாப்பாட்டு மேசையில் இருவர் பேசுகிறார்கள். ஒரு ஜன்னல், ஒரு மேசை விளக்கு மட்டுமே உண்டு. ஜன்னல் வெளுக்கிறது, முகம் கறுக்கிறது. என்ன செய்வது?”

வணக்கம். ஜன்னல் நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். எதிரெதிரே அமர்ந்த இருவருக்கும் அது பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். பிறகு தோளுக்கு மேலான ஷாட்டுகளை ஜன்னலுக்கு எதிர்ப்புறத்திலிருந்து எடுத்தால், ஒளி முகத்தின் தொலைப்பக்கத்தில் விழும், கேமராவை நோக்கிய கன்னம் நிழலில் நிற்கும், ஜன்னலும் பெரும்பாலும் சட்டகத்துக்குள் வராது.

அந்த நிழலைச் சற்றே தணிக்க, மேசை விளக்கைக் கேமரா பக்கம் வையுங்கள். விளக்குக் கூண்டு சட்டகத்தில் வெளுத்தால் பல்பை மங்கலாக்காதீர்கள். முகமும் சேர்ந்து இருண்டுவிடும். எல்.ஈ.டி. பல்பைப் பொருத்தி, கூண்டின் உட்புறத்தில் லென்ஸை நோக்கிய பாதியில் மட்டும் பழுப்புத் தாளை ஒட்டுங்கள், முகத்தை நோக்கிய பாதி திறந்தே இருக்கட்டும்.

பல்பு 2700 கெல்வின், பகலொளி ஏறத்தாழ 5600 என்பதால், கேமராவை 4300க்கு அமைத்தால் ஜன்னல் இலேசான நீலமாகவும் விளக்கு இளமஞ்சளாகவும் தெரியும்; இரண்டையும் ஒரே நிறமாக்க முயல வேண்டாம்.

மாலையில் ஜன்னல் ஒளி விரைவாக மாறும். ஆகவே இருவரும் தெரியும் அகன்ற ஷாட்டை முதலில் முடித்துவிடுங்கள்.