37 பேருக்குச் சொன்ன செய்தி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 37 பேர் இருக்கிறோம். போன கிழமை டொரொன்டோவில் இருக்கும் அண்ணா, மகளின் பிறந்தநாள் என்று விடியப்புறம் 74 படம் போட்டார். நான் எழும்பிப் பார்க்கும்போது நூறு மெசேஜுக்கு மேல். அம்மாவின் கண் கிளினிக் செவ்வாய்க்கிழமை என்று நான் போட்டிருந்தது எங்கோ மேலே போய்விட்டது. பாலையூற்றில் இருக்கும் தம்பியும் பார்க்கவில்லை. எனக்கு லீவு கிடைக்காததால் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கிளினிக்கில் எடுத்து அனுப்பிய அம்மாவின் படத்தைக் குரூப்பில் போட்டேன். அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை படம்தான் என்று சட்டம் போடலாமா? இல்லாவிட்டால் அட்மின் மட்டும் போடும்படி மாற்றிவிடவா? அண்ணா கோபித்துவிடுவாரோ என்றும் இருக்கிறது.
— வாசகி, உப்புவெளி

தங்கச்சி, 74 படத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள். விட்டால் பிறகு சில மணித்தியாலத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும், வெயிலைப் பார்க்க முடியாமல் கண் கூசும். அதனால்தான் துணைக்கு ஆளோடு வரச் சொல்கிறார்கள். உங்கள் அம்மா ஊரான் வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறியிருக்கிறா. பெற்ற மகன் பாலையூற்றில் இருந்தான். உப்புவெளிக்கும் பாலையூற்றுக்கும் இடையில் கடலா கிடக்கிறது? மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிற தூரம்.

நீங்கள் தம்பிக்குக் கோல் எடுத்தீர்களா? கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன், எடுத்ததாக ஒரு சொல் இல்லை. 37 பேர் இருக்கிற இடத்தில் திகதியைப் போட்டுவிட்டு, யாராவது பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டீர்கள். அண்ணா ஒரு படம்கூடப் போடாமல் விட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பெரியம்மாவின் மருமகன் வாசித்திருப்பார், லண்டன் மச்சாள் வாசித்திருப்பா, ஒவ்வொருவரும் இது தங்களுக்குச் சொன்னதல்ல என்று நினைத்திருப்பார்கள். அதில் பிழையும் இல்லை, நீங்கள் அவர்களுக்குச் சொல்லவில்லைதானே. தாயை வைத்தியத்துக்குக் கூட்டிப்போவது பிள்ளைகளின் வேலை. அதைப் பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, செய்வதற்கு அவனுக்குக் கடமை இருக்கிறது.

பார்க்கவில்லை என்று தம்பி சொல்வதையும் நீங்கள் முதல் நாளே தெரிந்துகொண்டிருக்கலாம். நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து Info என்பதைத் தொட்டால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் வாசித்தார்கள் என்று பெயர் பெயராக வரும். தனிச் செய்தியில் நீலச் சரியை மறைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குரூப்பில் அதை மறைக்க முடியாது. ஆனால் ஒன்று, அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் குரூப்பைத் திறந்தார் என்பதுதான் நிச்சயம். நூறு மெசேஜை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு கீழே போனவரின் பெயரும் அங்கே நிற்கும். ஆகவே அது கோலுக்கு ஈடாகாது.

சரி, இப்போது படத்துக்கு வருவோம். உங்கள் செய்தியை மேலே தள்ளியது அண்ணாவின் படங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சந்தேகம். ஒரே தடவையில் அனுப்பிய படங்கள் ஒரே கட்டாகத்தான் வந்து விழும். நாலு கட்டம் தெரியும், நாலாவதன் மேல் ஒரு கூட்டல் குறியும் மிச்ச எண்ணும் இருக்கும். போனில் அது ஒரு திரை அளவுகூட வராது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று போய்ப் பாருங்கள். 'அழகு', 'செல்லம்', 'வாழ்த்துகள் குட்டி', பிறகு மாமி அனுப்பிய கேக் படம், பிறகு எல்லாருக்கும் தனித்தனியாக அண்ணா எழுதிய நன்றி. உங்கள் கிளினிக் திகதியை மூடியது இந்த மண்தான், நீங்களும் ஒரு பிடி போட்டிருப்பீர்கள். படத்தை அழுத்திப் பிடித்து ஒரு இதயத்தை வைத்தால் அது படத்தோடே ஒட்டிக்கொண்டு நிற்கும், புது வரி பிடிக்காது, போட்டவருக்கு மட்டும்தான் சத்தம் போகும். மற்ற 35 பேரின் போன் விடியற்காலையில் கத்தாது. அண்ணாவுக்கு அங்கே இரவு 8 மணி, விழா முடிந்து ஆறுதலாக இருந்து அனுப்புகிறார். கோடை காலத்தில் அது நமக்கு விடிய ஐந்தரை. இதை அவரிடம் சொல்ல வேண்டியதுமில்லை, சத்தத்தை நீங்கள் நிறுத்திவைக்கலாம்.

எத்தனை படம் என்றால் என் பதில் நாலு. அந்தக் கட்டத்தில் திறக்காமலே தெரிவது அவ்வளவுதான் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை என் கண்ணால் பார்த்தேன். மூதூரில் இருக்கும் என் மாமா ஒருநாள் தன் போனை என்னிடம் நீட்டினார், போன் நிரம்பிவிட்டது, கோல்கூட வருகுதில்லை என்று. கொடுக்க முதல், அன்று காலை வந்த ஒரு கட்டைத் திறந்து காட்டினார். முதல் படத்தில் விரல் நின்றது, முகத்துக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொருவரின் பெயரும் சொன்னார். இரண்டாவதிலும் அப்படித்தான். ஐந்தாவதுக்குப் பிறகு பெயர் சொல்வதை விட்டுவிட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ வந்தபோது, 'எல்லாம் ஒரே மாதிரித்தான்' என்று போனை என் மடியில் வைத்தார். அந்தக் கட்டில் அறுபதுக்கு மேல் இருந்தது. அவருக்குப் பிடித்திருக்கக்கூடிய படம் எத்தனையாவதாக இருந்ததோ தெரியாது, அதற்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

என் தங்கச்சியின் பேத்திக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலில் சோறு தீத்தியபோது எடுத்தது 96 படம். அன்று பின்னேரம் நானும் அவளும் மண்டபத்து வாங்கிலில் இருந்து பிரித்தோம். கண் மூடியது, ஆடிப்போனது, யாரோ குறுக்கே நடந்தது என்று 31 போனது. கரண்டி வாய்க்குக் கிட்ட வருகிற நொடி மட்டும் 22 இருந்தது, அதில் ஒன்றை வைத்தோம். பிறகுதான் கஷ்டம். தங்கச்சிக்கு ஒன்றையும் விட மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் 'இது யாருக்கு?' என்று கேட்டேன். லண்டனில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பிள்ளையின் முகம் வேண்டும். மூதூர் மாமாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டும். அம்மம்மா ஊட்டுகிற படம், அது அம்மம்மாவுக்கு. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத படமெல்லாம் எடுத்தவருக்கே உரியது, அவர் போனிலேயே இருக்கட்டும். முடிவில் நாலு நின்றது. எல்லாரும் நிற்கிற படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதினோம். இருபது வருடம் வெளியில் இருந்தவர்களுக்கு இங்கே வளர்ந்த பிள்ளைகளின் முகம் தெரியாதே.

கலியாணம், சாமத்திய வீடு என்றால் பத்து வரை போகலாம். முழுவதும் வேண்டும் என்பவர்களுக்காக கூகுள் போட்டோஸில் ஒரு அல்பம் செய்து அதன் இணைப்பை ஒரு வரியாகப் போட்டால் போதும். விரும்பியவர் திறப்பார், மாமாவின் போன் தப்பும். அண்ணாவிடம் இதைக் கேளுங்கள், அதிலும் கோல் எடுத்துக் கேளுங்கள். 'அண்ணா, 74 படத்தில் அம்மா எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே நாலு எடுத்துத் தாருங்கள்' என்று கேட்டால் எந்த அண்ணன் கோபிப்பான்?

அட்மின் மட்டும் என்ற பூட்டை மறந்துவிடுங்கள். அம்மாவை நேரில் பார்க்க முடியாத மகன், தன் வீட்டு விழாவைத் தாயின் ஊருக்குக் காட்டுகிற ஒரே வாசல் அது. அதை அடைக்க உங்களுக்கு என்ன உரிமை? கூடப்பிறந்தவர்கள் மட்டும் இருக்கும் ஒரு சின்னக் குரூப்பைத் திறவுங்கள். அதில் அம்மாவின் மருந்து, கிளினிக், செலவு தவிர வேறொன்றும் வரக்கூடாது, ஒரு காலை வணக்கம்கூட. திகதியை அங்கே மேலே குத்தி வையுங்கள். மெசேஜை அழுத்திப் பிடித்தால் Pin என்று வரும், 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். அதைச் செய்துவிட்டும் தம்பிக்குக் கோல் எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. கிளினிக்கில் இருந்த அம்மாவின் படத்தைப் போட்டீர்களே, அம்மாவிடம் கேட்டீர்களா? அண்ணாவின் 74 படமும் உடுத்திச் சிரித்து நின்றவர்களின் படம். நீங்கள் போட்டது நோயோடு காத்திருந்த ஒரு முதியவரின் படம். அந்த 37 பேரில் சம்பந்தி வீட்டுக்காரரும் இருப்பார்கள். தலை வாராமல், கண்ணில் மருந்தோடு தன்னை அவர்கள் பார்ப்பதை அம்மா விரும்பியிருப்பாவா? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று வருந்துகிறீர்கள். அண்ணாவையும் தம்பியையும் உறுத்த வேண்டும் என்றுதான் அந்தப் படத்தைப் போட்டீர்கள் என்று நான் நினைக்கிறேன். வாயால் கேட்க வேண்டியதை அம்மாவின் முகத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாரிடமிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் இரண்டரை நாள்தான் தருகிறது, அது கடந்துவிட்டது. அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், இப்படிப் போட்டுவிட்டேன் என்று.

அப்புறம் அவவின் கிளினிக் கொப்பியை எடுங்கள். அடுத்த திகதி அதில் எழுதியிருக்கும். தம்பி வேலை முடிந்து வந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கோல் எடுத்து, அந்தத் திகதியைச் சொல்லி, 'நீ வந்து கூட்டிக்கொண்டு போ' என்று சொல்லுங்கள். ஏலாது என்று சொன்னால் என்ன காரணம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.