கடிதக் காட்சியில் கேமரா எப்போது நகர வேண்டும்?

“அம்மா கடிதத்தைப் படித்து உடைந்துபோகும் காட்சியை எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் ஸூம் செய்து எடுத்தேன். உணர்ச்சியே வரவில்லை. டிராக்கிங் செய்து பார்க்கலாமா?”

டிராக்கிங் வேண்டாம், அது நடந்து செல்பவருடன் கூடவே செல்வதற்கு உரியது, அமர்ந்திருப்பவருக்கு அன்று. இங்குத் தேவைப்படுவது கேமராவையே மெல்ல முன்னே நகர்த்தும் புஷ்-இன். ஸூம் செய்தால் முகமும் பின்சுவரும் ஒரே அளவில் பெரிதாகும். கேமராவே முன்னே நகரும்போதோ அருகிலுள்ள மேசையின் விளிம்பு சட்டத்தை விட்டு விலக, முகம் பின்னணியைவிட வேகமாக வளர்வதால், நாமே அவரை நெருங்குவதாகத் தோன்றும்.

ஆனால் அவர் உறையைப் பிரிக்கும்போதே நகர்ந்துவிடாதீர்கள், ஏனெனில் அது செய்தியை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய கண்கள் ஒரு வரியில் நின்றபின் தொடங்கி, எட்டு விநாடிகளில் அரை மீட்டர் மட்டும் நகர்ந்து, அவர் நிமிர்வதற்குள் நிறுத்துங்கள். குறுகிய சமையலறையில் தண்டவாளம் போட இடமிருக்காது. மேசைமேல் வைத்துக் கேமராவை நகர்த்தும் சிறு ஸ்லைடரே போதும். கேமரா நெருங்க நெருங்கக் குவியம் பிசகும் என்பதால், அதன் தொடக்கத்தையும் முடிவையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் அவர் வாசலைப் பார்த்தால், அந்தப் பார்வையைத் தொடர்ந்து கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி பேன் செய்யலாம். கேமராவை மேலும் கீழும் சாய்க்கும் டில்ட் இக்காட்சிக்குத் தேவையில்லை. அது மாடிக் கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் வேறொரு காட்சிக்குப் பொருந்தும்.