உணர்ச்சிகரமான தன்னனுபவக் கட்டுரையில் வெற்றுச் சொற்களை நீக்குவது எப்படி?

கேள்வி: அப்பாவைப் பற்றி எழுதிய கட்டுரையைச் செம்மைப்படுத்துகிறேன். தேவையில்லாத சொற்களை எடுத்தால் உணர்ச்சியும் சேர்ந்து போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: இதே சிக்கலில் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் தந்தையைப் பற்றி எழுதிய முதல் படியில் இப்படி ஒரு பத்தி இருந்தது:

"அப்பா இறந்த பிறகு நான் முதன்முறையாக அவருடைய அறைக்குள் நுழைந்தபோது, என்னையும் அறியாமல் ஏதோ ஒரு இனம்புரியாத சோகம் என் மனதை ஆட்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் அந்த அறையில் ஒருவிதமான வெறுமை இருந்தது. அந்த வெறுமை என் மனதை என்னவோ செய்தது. மேசையில் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் நான் முற்றிலும் உடைந்து போனேன்."

மொத்தம் 40 சொற்கள். 'என்றுதான் சொல்ல வேண்டும்', 'உண்மையில்', 'ஒருவிதமான', 'என்னையும் அறியாமல்' போன்றவற்றையும், திரும்ப வந்த 'வெறுமை', 'மனதை' ஆகியவற்றையும் அடித்த பிறகு எஞ்சியது இதுதான்:

"அப்பா இறந்த பிறகு முதன்முறையாக அவருடைய அறைக்குள் நுழைந்தபோது சோகம் மனதை ஆட்கொண்டது. அறையில் வெறுமை இருந்தது. மேசையில் மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் உடைந்து போனேன்."

சொற்கள் 18 ஆகக் குறைந்துவிட்டன, ஆனால் பத்தி செத்துவிட்டது. நீங்கள் சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். வெட்டியதால் உணர்ச்சி போய்விடவில்லை. முதலிலேயே அது அங்கு இல்லை, 'ஏதோ', 'இனம்புரியாத' போன்ற சொற்கள் அந்தக் குறையை மூடிக்கொண்டிருந்தன. சோகம், வெறுமை, உடைந்து போதல் ஆகிய மூன்றும் நடந்ததைப் பற்றி நான் பின்னால் எடுத்த முடிவுகளே தவிர, அந்த அறையில் நான் கண்டவை அல்ல.

ஆகவே இப்போதெல்லாம் வெற்றுத் தொடர்களில் கை வைப்பதற்கு முன்னால், பொதுப்பட நிற்கும் உணர்ச்சிப் பெயர்களை அடிக்கோடிட்டு, அந்த நேரத்தில் கண்ணும் கையும் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதிப் பார்க்கிறேன். நினைவுக்கு எதுவும் வராவிட்டால் அந்த வாக்கியத்தையே விட்டுவிடுவேன். இல்லாத காட்சியைப் புனைந்து செருகுவதைவிட அது நேர்மையானது. இந்தப் பத்திக்கு நினைவில் கிடைத்தது இவ்வளவுதான்:

"அப்பா இறந்த பிறகு முதன்முறையாக அவருடைய அறைக்குள் நுழைந்தேன். மேசையில் மூக்குக்கண்ணாடி மடிக்காமல் கிடந்தது. இடப்பக்க வில்லையில் அவருடைய கட்டைவிரல் ரேகை படிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். துடைக்கவில்லை."

இதில் 'துடை' இரண்டு முறை வருகிறது. முதல் வாசிப்பில் அதையும் கூறியது கூறலாக எண்ணி, கடைசிச் சொல்லை 'அப்படியே வைத்துவிட்டேன்' என்று மாற்றினேன். செய்ய வந்த செயலும் செய்யாமல் விட்டதும் ஒரே சொல்லில் மோதும் இடம் அது. மாற்றியதும் மோதல் காணாமல் போனதால் பழையதையே திரும்பச் சேர்த்தேன். முந்தைய பத்தியில் 'வெறுமை' இரண்டாம் முறை வந்தபோது புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. இரண்டாவது தடவை வரும்போது சொல்லின் பொருள் சற்றேனும் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தே வெட்டுவதா விடுவதா என முடிவெடுக்கிறேன். 'மனம்' திரும்ப வருகிறதே என்று அடுத்தடுத்து 'உள்ளம்', 'நெஞ்சம்', 'இதயம்' என்று மாற்றி வைப்பது மட்டும் வேண்டாம், அது திருமண வாழ்த்து மடல் போலாகிவிடும். கணினியில் தேடிப் பார்ப்பவராக இருந்தால், 'மனம்' என்று தேடும்போது 'மனதை', 'மனதில்' ஆகியவை அகப்படமாட்டா என்பதால் உருபேற்ற வடிவங்களைத் தனியே தேடுங்கள்.

'நான்' என்பதைப் பெரும்பாலும் அச்சமின்றி எடுக்கலாம். 'நுழைந்தேன்' என்ற வினைமுற்றே எழுவாயைச் சொல்லிவிடுகிறது. ஆனால் 'எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை' என்பதில் அதைத் தொட முடியாது. அங்கே பிறரிடமிருந்து என்னைப் பிரித்துக் காட்டும் வேலையை அது செய்கிறது. 'ஏதோ' என்பதும் அப்படித்தான். 'ஏதோ ஒரு சோகம்' என்பதில் அது சோம்பல். 'அம்மா ஏதோ சொன்னார், காதில் விழவில்லை' என்பதிலோ அது தகவல், ஏனென்றால் அவர் சொன்னது என்னவென்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு முறை உரக்கப் படிக்கிறேன். மூச்சு வாங்க இடமில்லாமல் குறுவாக்கியங்கள் தந்தி போல் அடுக்கி நின்றால், அளவுக்கு மீறி வெட்டிவிட்டேன் என்று பொருள். அங்கே இரண்டை ஒன்றாக இணைக்கிறேன். மேலே உள்ள பத்தியில் கடைசி இரண்டையும் 'துணியை எடுத்தும் துடைக்கவில்லை' என்று இணைத்துப் பார்த்தேன். அந்த முற்றுப்புள்ளியில் கை நிற்கும் நேரம் அதில் கிடைக்கவில்லை என்பதால் அவற்றை மட்டும் பிரித்தே வைத்திருக்கிறேன்.