எட்டு வாரத்தில் மூளை வளருமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

இந்த மாதம் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மூச்சையும் இந்த நொடியில் நடப்பதையும் நிதானமாகக் கவனிக்கும் தியானப் பயிற்சி பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

செயலியில் தினமும் பத்து நிமிடம் பயிற்சி செய்தால் சர்க்கரையும் பிரஷரும் மாத்திரை இல்லாமலே கட்டுக்குள் வருமா? (மயிலாடுதுறை)

வராது. பிரஷர் கொஞ்சம் இறங்கியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் சிகிச்சைக்குத் துணையாகத்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனசு சரியில்லை. எத்தனை நிமிடம் உட்கார வேண்டும்? (ஊர் குறிப்பிடவில்லை)

வயது என்ன, எத்தனை நாளாக இப்படி, தூக்கம் எப்படி, ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா, எதையுமே எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் நிமிடக் கணக்குச் சொன்னால் அது பொறுப்பற்ற பதில். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறது என்றால் பதிலுக்குக் காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பதற்ற நோய்க்கு மைண்ட்ஃபுல்னஸும் மாத்திரையும் சமம் என்று படித்தேன். நிஜமா? (தஞ்சாவூர்)

நிஜம்தான், ஆனால் எந்தப் பயிற்சி என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2022-ல் வெளியான ஆய்வில், பதற்ற நோய் உள்ள சுமார் 280 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரை, மறு பாதிக்கு எம்.பி.எஸ்.ஆர். என்ற எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. எட்டு வாரம் கழித்து இரண்டு பக்கமும் நோயின் தீவிரம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. நல்ல முடிவு, நான் மதிக்கிறேன். ஆனால் எம்.பி.எஸ்.ஆர். என்பது ஜான் கபாட்-ஸின் 1979-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய முறை. வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி, தேர்ந்த ஆசிரியர். இந்த முடிவைக் காட்டி உங்கள் போனில் இருக்கும் பத்து நிமிட ஒலிப்பதிவை விற்கக் கூடாது.

மகள் படிக்கும் பள்ளியில் எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். "நினைவாற்றல் மையம் வளர்வது ஸ்கேனில் நிரூபணம்" என்று துண்டுப் பிரசுரத்தில் மூளைப் படம் போட்டிருக்கிறது. சேர்க்கலாமா? (மன்னார்குடி)

அந்தப் பிரசுரத்தின் நகலை அனுப்பியதற்கு நன்றி. சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு மூளைப் படம், கீழே பொடி எழுத்தில் ஒரு பல்கலைக்கழகப் பெயர். வருடக்கணக்காக இதே படத்தை நோட்டீஸ்களில் பார்த்துவருகிறேன், ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

இந்தப் பேச்சுக்கு மூலம் 2011-ல் வந்த ஓர் ஆய்வு. எம்.பி.எஸ்.ஆர். வகுப்பில் சேர்ந்த 16 பேருக்கு வகுப்புக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வகுப்பில் சேராத 17 பேருக்கும் எடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி கொஞ்சம் கூடியிருந்தது. அவ்வளவுதான். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஆர்வம் உள்ளவர்களே தேடிவந்து சேர்ந்தார்கள். யாருடைய மதிப்பெண்ணையும் யாரும் அளக்கவில்லை.

நான் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: யாரோடு ஒப்பிட்டார்கள்? ஒரு வயலுக்குப் புது உரமும் போட்டு, ஆற்றுத் தண்ணீரும் பாய்ச்சி, பக்கத்து வயலைக் காயப்போட்டுவிட்டு, "பார், உரத்தின் மகிமை" என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் யாராவது ஏற்பார்களா? எட்டு வார வகுப்பில் தியானம் மட்டுமா இருக்கிறது? அன்பாகப் பேசும் ஆசிரியர், வாராவாரம் கூடும் ஒரு குழு, "இது உதவும்" என்ற நம்பிக்கை, தனக்கென ஒதுக்கிய நேரம் எல்லாம் இருக்கின்றன. சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் பலன் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அப்புறம் அதைச் சரியாகச் செய்து பார்த்தார்கள். 2022-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 200-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு குழுவுக்கு எம்.பி.எஸ்.ஆர். இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம், ஆசிரியர், வீட்டுப்பயிற்சி, ஆனால் தியானத்துக்குப் பதில் உடற்பயிற்சி, இசை, உணவுமுறை. மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியலில். முடிவில் மூளையின் அமைப்பில் குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வாளர்களில் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒருவர். தியானத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, அதற்காகப் பேசிவருபவர். அவரே பெயர் போட்டு வெளியிட்ட முடிவைப் பிரசுரம் அச்சடிப்பவர்கள் கண்டுகொள்ளவில்லை.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த 'மிரியட்' ஆய்வும் 2022-ல்தான் வந்தது. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். மனச்சோர்வு அபாயத்திலோ மனநலத்திலோ வழக்கமான வகுப்பைவிட மேலான பலன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. பள்ளியில் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டீர்கள், பிள்ளைகளிடம் எதை அளந்தீர்கள்? பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்தில் விளையாட விடுங்கள்.

மூன்று முறை மனச்சோர்வு வந்து குணமானது. மாத்திரையை விட்டுவிட்டு மைண்ட்ஃபுல்னஸ் மட்டும் செய்யலாம் என்று நண்பர் சொல்கிறார். (திருவாரூர்)

இந்தத் துறையில் உறுதியான சான்று இருப்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்து இப்போது குணமாக இருப்பவர்களுக்கென்றே, மைண்ட்ஃபுல்னஸையும் எண்ணங்களைக் கையாளும் சிகிச்சை முறையையும் சேர்த்த எம்.பி.சி.டி. என்ற பயிற்சி இருக்கிறது. 2015-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில் இப்படிப்பட்ட 424 பேர் இருந்தார்கள். பாதிப்பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறு பாதி எம்.பி.சி.டி. படித்து, மருத்துவர் துணையோடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது பயிற்சிக் குழுவில் 100-க்கு 44 பேருக்கு, மாத்திரைக் குழுவில் 47 பேருக்கு. பயிற்சி மாத்திரையை வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள், வெல்லவில்லை. ஏறக்குறைய ஈடுகொடுத்தது.

அதாவது இது உங்கள் மருத்துவரிடம் பேசத் தகுந்த வழி. நண்பர் சொல்வதுபோல் நாளைக்கே மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுவது அந்த ஆய்வு சொன்ன வழி அல்ல. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயே திரும்பிவிட்டதோ என்ற குழப்பமும் வரும். மறுபடி சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, பழைய விபத்து கண்முன் வருகிறது. "தாண்டிப் போங்கள்" என்கிறார் ஆசிரியர். (பாபநாசம்)

தாண்ட வேண்டாம், நிறுத்துங்கள். தியானத்தால் பக்கவிளைவே கிடையாது என்பது தவறு. 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 100-க்கு 8 பேர் அளவில் பாதிப்பு தெரிந்தது. பதற்றமும் மனச்சோர்வும்தான் அதில் அதிகம். பழைய ஆய்வுகள் பலவற்றில் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பயிற்சியின்போது படபடப்பு வந்தால் கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். விபத்துக் காட்சி பயிற்சி இல்லாத நேரத்திலும் வந்தால், அல்லது தூக்கத்தைக் கெடுத்தால், அதற்கெனத் தனிச் சிகிச்சை இருக்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், விபத்து நடந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.