இலவச லேப்டாப்புக்கு ரூ.249 கட்டினோம், கணக்கில் இருந்த பணமே போய்விட்டது

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். என் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். "மாணவர்களுக்கு அரசு இலவச லேப்டாப், பதிவு மற்றும் டெலிவரி கட்டணம் ரூ.249 மட்டும்" என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை என் போனில்தான் ஜிபே செய்தோம். ரசீதுக்கு என்று ஒரு ஆப் இறக்கச் சொன்னார்கள், இறக்கினோம். ராத்திரி 11 மணிக்கு மேல் என் கணக்கிலிருந்து 10,000, 10,000, 16,500 என மூன்று முறை பணம் போனதாக எஸ்எம்எஸ் வந்தது. மறுநாள் காலை சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து புகார் எண் வாங்கினேன். இரண்டாம் சனிக்கிழமை என்பதால் திங்கட்கிழமைதான் வங்கிக்குப் போக முடிந்தது. "ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கிறது, எங்கள் பொறுப்பு இல்லை" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் "நீங்களே கட்டின பணம்தானே" என்கிறார்கள். மகள் அந்த மெசேஜை வகுப்புக் குரூப்பிலும் போட்டுவிட்டாள், இன்னொரு பெண்ணும் 249 கட்டியிருக்கிறாள். மகள் மேல் கேஸ் வருமா? பணம் கிடைக்குமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையே இதன் சுருக்கத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன், ஏனென்றால் புதன்கிழமை வங்கி மூடுவதற்குள் ஒரு காரியம் நடந்தாக வேண்டியிருந்தது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வங்கி மேனேஜரும் ஸ்டேஷனில் இருந்தவரும் ஒரு விஷயத்தைக் குழப்புகிறார்கள். உங்கள் கணக்கில் நடந்தது ஒரு மோசடி அல்ல, இரண்டு. சட்டத்தில் அவை இரண்டுக்கும் இடம் வேறு வேறு.

முதலாவது அந்த 249 ரூபாய். ஏமாற்றப்பட்டுத்தான் கட்டினீர்கள் என்றாலும் யுபிஐ பின் நம்பரைப் போட்டு அனுப்பியது நீங்கள். இதை வங்கி ஈடு செய்ய வேண்டும் என்று கேட்க முடியாது. இரண்டாவது, ராத்திரி போன 36,500 ரூபாய். அதை நீங்கள் அனுப்பவில்லை, அனுப்பச் சொல்லவும் இல்லை. நீங்கள் இறக்கிய அந்த ஆப் உங்கள் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் படித்து, ஓடிபியை வெளியே அனுப்பியிருக்கிறது. இந்த வகை ஏபிகே கோப்புகளின் வேலையே அதுதான். இறக்கும்போது "எஸ்எம்எஸ் படிக்க அனுமதி" கேட்டிருக்கும், ரசீதுக்குத்தானே என்று நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு யார் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல், மூன்றாவது ஆள் செய்த மோசடியாக இருந்தால், எஸ்எம்எஸ் வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்த வாடிக்கையாளருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் பேசும்.

இந்த மூன்று நாளை எப்படி எண்ணுவது என்பதில்தான் பலர் உரிமையை இழக்கிறார்கள். எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் வராது. அதனால் வெள்ளி இல்லை. இரண்டாம் சனியும் ஞாயிறும் உங்கள் கிளைக்கு விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன் என்பதுதான் உங்கள் மூன்று நாள். திங்கட்கிழமையே நீங்கள் போய்ச் சொன்னீர்கள் என்றாலும், வாயால் சொன்னதை நாளை யாரும் நிரூபிக்க முடியாது. 1930-ல் கொடுத்த புகார் காவல்துறைப் பக்கம் போகிறது, அதனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. வங்கிக்குத் தனியாக, எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே பதிவாகிவிடும்.

அந்தக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மூன்று பரிவர்த்தனைகளின் தேதி, நேரம், தொகை, குறிப்பு எண். "இவற்றை நான் செய்யவில்லை, யாருக்கும் ஓடிபியோ பின் நம்பரோ சொல்லவில்லை. என் போனில் நிறுவப்பட்ட ஒரு செயலி வழியாக இவை எனக்குத் தெரியாமல் நடந்துள்ளன" என்று ஒரு வரி. 1930 புகார் எண். 2017-ஆம் ஆண்டு விதிப்படி தொகையைத் திரும்ப வரவு வைக்கக் கோரிக்கை. 249 ரூபாயைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஆனால் அதைத் தனி வரியில், "இது நான் ஏமாற்றப்பட்டுச் செலுத்தியது" என்று பிரித்து எழுதுங்கள். நான்கையும் ஒன்றாகச் சேர்த்து "36,749 ரூபாய் அனுப்பி ஏமாந்துவிட்டேன்" என்று எழுதிவிட்டால், எல்லாவற்றையும் நீங்களே அனுப்பியதாக வங்கி படித்துக்கொள்ளும். நல்ல புகார்கள் கெட்டுப்போவது இப்படி ஒரு வரியில்தான்.

தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டு, 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது விதி. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. எஃப்ஐஆர் இல்லாமல் புகாரையே வாங்கமாட்டோம் என்று கிளையில் சொல்வார்கள், விதியில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

சரி, ஓடிபி போட்டிருக்கிறதே என்ற வாதம்? விதியில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்தது போன்ற அலட்சியத்தால் வந்த நஷ்டத்தை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர்தான் ஏற்க வேண்டும். வங்கி பிடித்துத் தொங்கப்போவது இதில்தான். ஆனால் ஓடிபி பயன்பட்டது என்பதாலேயே அதை நீங்கள் கொடுத்ததாகிவிடாது. பாரத ஸ்டேட் வங்கி இதே மாதிரியான ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனது. வாடிக்கையாளர் சேவை என்று பேசியவனை நம்பி ஒருவர் போனில் ஆப் நிறுவினார், 94,000 ரூபாய்க்கு மேல் போனது, 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்தார். அவர் மேல் அலட்சியம் இல்லை என்று குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொன்னதில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்துவிட்டது. ஆனால் அந்த வழக்கில் ஒரு விற்பனை வலைத்தளத்திலிருந்து அவருடைய விவரங்கள் கசிந்திருந்தது அவருக்குச் சாதகமாக இருந்தது. உங்களிடம் அது இல்லை. அதனால் வெற்றி உறுதி என்று சொல்லமாட்டேன். வாதாடத் தகுந்த வழக்கு என்று உறுதியாகச் சொல்வேன்.

வங்கி மறுத்தால், அல்லது 30 நாளில் பதிலே தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. முத்திரை போட்ட அந்த நகல் அங்கே பேசும்.

இனி ஸ்டேஷன். "நீங்களே கட்டினது" என்பது புகாரை மறுக்கக் காரணமே ஆகாது. ஒருவரை ஏமாற்றி அவர் கையாலேயே பணத்தைக் கொடுக்க வைப்பதுதான் பாரதிய நியாய சன்ஹிதா 318(4) சொல்லும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. தொகை 249-ஆ இரண்டு லட்சமா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அரசின் பெயரில் ஆன்லைனில் ஆள்மாறாட்டம் செய்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி தனியாக இருக்கிறது. புகாரில் 249-ஐச் சில்லறை என்று விட்டுவிடாதீர்கள். ராத்திரி போன பணம் பல கணக்குகள் மாறியிருக்கும், ஆனால் அந்த 249 போன யுபிஐ ஐடியும் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் ஒரு வங்கிக் கணக்கைக் காட்டிக் கொடுக்கும். விசாரணை பிடிக்கக்கூடிய முதல் நுனி அதுதான்.

எந்த ஸ்டேஷன் எல்லை என்ற பேச்சுக்கும் இப்போது இடமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ன்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும். மின்னஞ்சலில்கூடக் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மாவட்டத்து சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கே நேராகப் போங்கள். சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்ஐஆர் ஆகாது. பதியவே மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 1930 வழியாக ஏதாவது தொகை எதிர்க் கணக்கில் முடக்கப்பட்டிருந்தால், அது தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுக் கேட்டு வாங்கலாம்.

உங்கள் மகள் விஷயம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் மோசடிக் குற்றம் இல்லை. நம்பி அனுப்பியவள், தன் வீட்டுப் பணத்தையே இழந்தவள், குற்றவாளி ஆகமாட்டாள். அவள் சாட்சி. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். பயத்தில் குரூப்பில் போட்ட மெசேஜை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுக்கு அது எந்த எண்ணிலிருந்து வந்தது, அதை அவள் எப்போது அனுப்பினாள் என்பதற்கு அதுதான் ஆதாரம். அதன் கீழேயே "இது மோசடி, யாரும் கட்ட வேண்டாம், கட்டியவர்கள் 1930-க்குச் சொல்லுங்கள்" என்று போடட்டும். தெரிந்த பிறகும் அமைதியாக இருந்தாள் என்ற பேச்சு வராது. அந்தத் தோழி தனிப் புகார் கொடுக்கட்டும். அவளும் ஆப் இறக்கினாளா என்று முதலில் கேளுங்கள்.

அரசு லேப்டாப் உண்மையில் எப்படி வருகிறது என்பதையும் அந்தக் குரூப்பில் சொல்லலாம். 2011-ல் தொடங்கிய திட்டத்திலும் சரி, 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்ததிலும் சரி, கொடுப்பது கல்வி நிறுவனம் வழியாக. கூரியரும் இல்லை, கட்டணமும் இல்லை. சந்தேகம் இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேட்டாலே போதும்.

கடைசியாக உங்கள் போன். அந்த ஆப் இன்னும் அதில் இருந்தால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள், நெட்டை அணையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். ஆப்பின் பெயர் தெரியும்படி திரையை இன்னொரு போனால் படம் எடுங்கள். சைபர் கிரைம் போலீஸ் பார்க்கும் வரை ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டாம். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, நீங்கள் போடாத ஒப்புதல் ஏதாவது இருந்தால் ரத்து செய்யுங்கள். பதிவுக்கு என்று மகளின் ஆதார் படத்தை ஏற்றியிருந்தால், அவள் பெயரில் புதிய சிம் ஏதாவது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று sancharsaathi.gov.in-ல் பார்த்துவிட்டு, அதையும் புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள்.