தீர்ப்பாய உத்தரவில் தொகையும் கெடுவும்: கேள்வி பதில்

வேலை இழந்தவர்: 22 பக்க உத்தரவு வந்திருக்கு. 6-ம் பக்கத்தில் 9 லட்சம் ரூபாய்னு போட்டிருக்கு. அதுதானே எனக்கு வரணும்?

இல்லைங்க. அது உங்கள் மனுவில் நீங்கள் கேட்ட தொகை. இரு தரப்பும் சொன்னதை முன்பக்கங்களில் எடுத்து எழுதிவிட்டுத்தான் தீர்ப்பாயம் முடிவுக்கு வரும். நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இது: "உத்தரவு நிர்வாகத்துக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் பணித்தொடர்ச்சியுடன் மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும். பணிநீக்க நாள் முதல் பணியில் சேர்க்கும் நாள் வரை, கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதத்தை, உத்தரவு கிடைத்த 60 நாட்களுக்குள் வழங்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி."

"வேண்டும்" என்று முடியும் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். பணித்தொடர்ச்சிக்கும் ஒரு வரி கொடுங்கள். அதற்குத் தொகை இல்லாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு பணிமூப்பு கணக்கிடும்போதுதான் அது விடுபட்டது தெரியும்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்: உத்தரவுத் தேதி 2024 ஜூன் 10. அப்போ 30 நாள் ஜூலை 10-ல் முடியுதே?

நாளை எண்ணியது சரி, தொடங்கிய இடம்தான் தவறு. "கிடைத்த" என்று இருக்கிறது, அதுவும் நிர்வாகத்துக்கு. தொழிலாளியின் கைக்கு வந்த நாள் இதில் சேராது. ஒப்புகை அட்டையில் ஜூன் 24 முத்திரை இருந்தால், பணியில் சேர்க்க ஜூலை 24 வரையும் பணம் தர ஆகஸ்ட் 23 வரையும் கெடு. அந்த அட்டையின் நகலைப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் அந்தத் தேதியில்தான்.

வேலை இழந்தவர்: சரி, மொத்தம் எவ்வளவு? 2022 மார்ச் 1-ல் நீக்கினாங்க. சம்பளம் 18,000.

ஜூலை 1-ல் சேர்த்துக்கொண்டால் 28 மாதம். மாதம் 9,000 வீதம் 2,52,000 ரூபாய். ஆனால் "சேர்க்கும் நாள் வரை" என்று இருப்பதால் தொகை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் தள்ளினால் இன்னொரு 9,000 கூடும். வட்டி ஆகஸ்ட் 23 தாண்டினால் மட்டுமே. 2,52,000-க்குத் தனிவட்டியாக மாதம் 1,260 வரும். பணிநீக்க நாளிலிருந்து வட்டி போட்டு எழுதினால் நிர்வாகம் உங்கள் கணக்கையே மறுத்துவிடும்.

இன்னொருவர்: எங்க நிர்வாகம் மேல்முறையீடு பண்ணிட்டோம், எதுவும் தர வேண்டாம்னு சொல்லுது. என்ன செய்ய?

மேல்முறையீடு செய்தாலே உத்தரவு நின்றுவிடாது, மேல்நீதிமன்றம் தடை கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தடையுத்தரவு நகலைக் கேளுங்கள். தடை பணத்துக்கு மட்டுமா, பணியில் சேர்ப்பதற்கும் சேர்த்தா என்று அதில் பாருங்கள். உங்கள் பட்டியலில் எந்த வரிக்குத் தடையோ அந்த வரிக்கு எதிரே மட்டும் குறித்து வையுங்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்: 18,000-ல் படிகளும் சேர்ந்திருக்கு. அடிப்படைச் சம்பளம் 11,000 தான். எதில் 50 சதவீதம்?

உத்தரவு வாய் திறக்காத இடம் இது. முன்பக்கங்களில் தீர்ப்பாயம் "கடைசிச் சம்பளம்" என்று எந்த எண்ணையாவது ஏற்றிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் 9,000, 5,500 இரண்டையும் எழுதி, தெளிவுபடுத்தக் கோரி மனுப் போடுவதே நல்லது. நானாக ஒன்றைத் தேர்ந்து சொல்ல மாட்டேன்.