பாட்டில் ஓடிய ரயில்

கேள்வி: நாகர்கோவிலில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். கலைவாணர் பாட்டுகளை வைத்து நம் மாவட்டத்தின் சமூக வரலாற்றை எழுத ஆசை. சினிமாப் பாட்டை ஆதாரமாக ஏற்பார்களா? எப்படிப் பயன்படுத்துவது, ஐயா?

பதில்: ஏற்பார்கள். ஆனால் பாட்டு எதற்குச் சாட்சி சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'நல்லதம்பி' (1949) படத்தின் கிந்தனார் காலட்சேபத்தையே எடுத்துக்கொள்வோம். நந்தனார் கதையை அப்படியே திருப்பிப்போட்ட கதை அது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் படிப்பதற்காகப் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான். எல்லாச் சாதியும் ஒரே பெட்டியில் போகிற ரயிலைக் கலைவாணர் கொண்டாடிப் பாடுகிறார்.

இதைக் கேட்டதும், 'அன்றைக்கு நாகர்கோவில் மக்கள் ரயிலில் சாதி மறந்து பயணம் செய்தார்கள்' என்று எழுதிவிடக் கூடாது. கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி இருக்கும் நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல்தான். அதுவரை திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போய்த்தான் ஏற வேண்டும். ஆக, பாட்டு சொல்வது நம்மூர் நடைமுறையை அல்ல. ரயிலும் பள்ளிக்கூடமும் சாதியை உடைக்கும் என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

இன்னொன்று, எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதே படம் மதுவிலக்கையும் பேசுகிறது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948இல். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. கோயில் நுழைவும் அப்படித்தான்: திருவிதாங்கூரில் 1936லேயே பிரகடனம் வந்துவிட்டது, சென்னை மாகாணத்தில் எல்லாக் கோயில்களுக்குமான பொதுச் சட்டம் 1947இல்தான். கோயில் வாசலை விட்டுப் பள்ளிக்கூட வாசலைக் காட்டிய கிந்தனை, மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் ஒரே மாதிரி கேட்டிருப்பார்களா? என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வுக் கேள்வியே இதுதான்.

இனி வேலை. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள்; சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் நிறைய இருக்கின்றன. அதை மட்டும் நம்பவும் வேண்டாம். புத்தகம், இசைத்தட்டு, படம் மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பதியும் என்பதால் நீண்ட பாட்டைச் சுருக்கியிருப்பார்கள். எந்த வரி எங்கே விடுபட்டது என்று குறித்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

பெரியவர்களிடம் பேசும்போது 'அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால், பின்னாளில் மேடையில் கேட்ட பேச்சைத்தான் திருப்பிச் சொல்வார்கள். எங்கே வைத்துக் கேட்டீர்கள், தியேட்டரிலா, கல்யாண வீட்டு ரேடியோ செட்டிலா, கோயில் கொடையிலா, இலங்கை வானொலியிலா என்று கேளுங்கள். அந்த இடத்துக்குள் யாரெல்லாம் வர முடிந்தது, யார் வெளியே நின்று கேட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.